கொழுப்பு மட்டும் குறைந்தால் தண்ணீர் காரணமல்ல

கேள்வி: "போன தடவையைப் போலவே 15 நாளில் 150 லீற்றர் ஊற்றினேன். கொழுப்பு 4.2 இலிருந்து 3.6 ஆகிவிட்டதென்று 1,800 ரூபாய் குறைந்திருக்கிறது. எஸ்.என்.எப் 8.4 அப்படியே இருக்கிறது. நான் தண்ணீர் கலந்ததாகப் பால் எடுப்பவர் சொல்கிறார். அப்படி இருக்குமா?" (வெல்லாவெளிப் பண்ணையாளர்)

இருக்காது. தண்ணீர் சேர்ந்தால் கொழுப்பும், கொழுப்பல்லாத திண்மமான எஸ்.என்.எப்பும் ஒரே விகிதத்தில் இறங்கும். உங்கள் கொழுப்பு ஏழில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது; தண்ணீர்தான் காரணமென்றால் எஸ்.என்.எப் 7.2 வரை வந்திருக்க வேண்டும்.

பெருக்கலையும் சரிபாருங்கள். குறைந்த தொகையை 150 ஆல் வகுத்தால் லீற்றருக்கு 12 ரூபாய், 0.6 புள்ளிக்கு 12 என்றால் ஒரு முழுப் புள்ளிக்கு 20 ரூபாய். பால் பணச் சீட்டில் கொழுப்பு ஒரு புள்ளிக்குப் போட்டிருக்கும் விலையும் அதுவானால் கணக்கில் பிழையில்லை. அப்படியாயின் 3.6 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

ஒரு காரணம் உங்கள் பட்டியிலேயே இருக்கலாம். ஒவ்வொரு தடவை கறக்கும்போதும் முதலில் வரும் பாலில் கொழுப்பு மிகக் குறைவு, கடைசிப் பாலில் மிக அதிகம். அந்தக் கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டால் கேனுக்கு வருவது மெலிந்த பாலாகவே இருக்கும், எஸ்.என்.எப் மட்டும் ஏறக்குறைய மாறாது. ஆகவே அண்மையில் கன்று ஈன்ற பசுக்கள் கூடியிருந்தாலோ, கறப்பவர் மாறியிருந்தாலோ, அவசரத்தில் மடியை முழுதாகக் கறக்காமல் விட்டிருந்தாலோ, யாரையும் குற்றம் சொல்வதற்கு முன் அதைப் பாருங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் என் சந்தேகம் மோட்டார் சைக்கிளில் கேன் கட்டி வருபவர் மேல்தான். நாலைந்து பேரின் பாலை ஒரே கேனில் ஊற்றி, பால் சேகரிப்பு நிலையத்தில் அதிலிருந்து ஒரேயொரு சோதனை மாதிரி எடுத்து, வந்த எண்ணை எல்லோர் பெயரிலும் எழுதிவிடுவது நம் பகுதியில் நடப்பதுதான். அதில் ஒருவருடைய மெலிந்த பால் உங்கள் பணத்தைத் தின்றுவிடும். தனித்தனியாக மாதிரி எடுத்தாலும், நின்ற பாலில் ஆடை மேலே மிதப்பதால், கலக்காமல் அடியிலிருந்து எடுத்தால் கொழுப்புக் குறைவாகவே காட்டும். இந்தச் சீட்டை வடிவமைத்தவர்கள் கொழுப்பைப் புள்ளி வைத்து அச்சிட்டு, எந்தத் தேதியில் எத்தனை தடவை சோதித்தார்கள் என்பதற்கு ஒரு கட்டம்கூட வைக்கவில்லை. கேட்டால் "கணினியில் அப்படித்தான்" என்பார்கள்.

அடுத்த பதினைந்து நாளில் முன்னறிவிப்பில்லாமல் இரண்டு நாள், உங்கள் கேனை நீங்களே நிலையத்துக்குக் கொண்டுபோய், கலக்கும் கரண்டியால் மேலும் கீழுமாகக் கலக்கச் சொல்லி, கண்முன்னே மாதிரி எடுத்துச் சோதித்த எண்ணைத் தேதியோடு உங்கள் கொப்பியில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அன்று 4.2க்கு அருகில் வந்து சீட்டில் மீண்டும் 3.6 விழுந்தால், அந்தக் கொப்பியோடு நிலையப் பொறுப்பாளரிடம் எழுத்தில் முறையிடுங்கள். எடுப்பவரிடம் வாய்வார்த்தையில் பேசிப் பயனில்லை.