ஈரம் இருந்தும் லிமாவில் ஏன் மழை இல்லை?

"பெருவின் லிமாவும் பிரேசிலின் சால்வடாரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. லிமாவில் காற்றில் ஈரம் நிறைய, மூடுபனியும் உண்டு. அப்புறம் ஏன் மழை இல்லை? குளிர் நீரில் ஆவியாதல் குறைவு என்று மட்டும் புத்தகம் சொல்கிறது."

புத்தகம் சொல்வது பாதிதான். ஈரம் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் காற்று மேலே ஏற வேண்டும். லிமாவில் தடைபடுவது அதுதான்.

பெரு கரையோரமாகத் தெற்கிலிருந்து காற்று வீசுகிறது. தென் அரைக்கோளத்தில் புவிச்சுழற்சி மேற்பரப்பு நீரை இடப்பக்கம், அதாவது கரையை விட்டு மேற்கே தள்ளும். அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலெழும். ஹம்போல்ட் நீரோட்டம் தெற்கிலிருந்து கொண்டுவரும் குளிர்ச்சியோடு இதுவும் சேர்கிறது.

கடலைத் தொட்ட காற்று குளிர்ந்து கனத்துக் கீழேயே கிடக்கிறது. அதற்குமேல் சில நூறு மீட்டர் உயரத்தில் இருப்பதோ வெப்பமான, வறண்ட காற்று. வழக்கத்துக்குத் தலைகீழான இந்த அடுக்கு ஒரு மூடி மாதிரி. மேகம் உருவாகும், ஆனால் தடிக்காது, தூறலோடு சரி. அந்தத் தூறலை அங்கே 'கருவா' என்கிறார்கள்.

சால்வடாரில் வெப்பமான பிரேசில் நீரோட்டம். காற்று கீழிருந்து சூடேறித் தடையின்றி எழுகிறது, ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மி.மீ. மழை. லிமாவில் சில மில்லிமீட்டர்கள்தான்.

முழுப் பழியையும் நீரோட்டத்தின் மேல் போடாதீர்கள். கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை ஆண்டிஸ் மலை மறிக்கிறது. ஆனாலும் வலுவான எல் நினோவில் கடல் சூடாகும்போது, மலை அப்படியே இருக்க, வடக்குப் பெருவின் பாலைக்கரையில் வெள்ளம் வருகிறது. 1998-லும் அப்படித்தான்.