தோளில் கொம்பு முளைத்த குர்தி

கேள்வி: 17 அங்குல வெல்வெட் ஹேங்கர் இருபது வாங்கி, பீரோவில் இருந்ததையெல்லாம் மாட்டிவிட்டேன். இப்போது ரேயான் குர்திகளின் தோளில் கொம்பு மாதிரி புடைத்து நிற்கிறது. ஸ்வெட்டர் நீண்டுவிட்டது. அம்ப்ரெல்லா கவுனின் அடிப்பகுதி ஏறி இறங்கித் தெரிகிறது. இன்னும் நல்ல ஹேங்கராக வாங்கினால் சரியாகுமா?

பதில்: குர்திக்கு மட்டும் சரியாகும். மற்ற இரண்டும் ஹேங்கருக்கே போகக் கூடாதவை.

முதலில் குர்தி. ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். 14 அங்குலம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 17 அங்குல ஹேங்கர் அதில் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் கைப்பகுதிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். குர்தியின் எடை முழுவதும் அந்த இரு முனைகளில் விழுவதால்தான் கொம்பு. முனை தோள் தையலுக்கு அரை அங்குலம் உள்ளேயே முடிய வேண்டும். அதாவது உங்களுக்குத் தேவை 13 அங்குலம். பெரியவர்களுக்கென்று விற்பவை பெரும்பாலும் 16, 17 அங்குலம்தான் என்பதால் குழந்தைகள் ஹேங்கர் பகுதியில் தேடுங்கள். முனை உருண்டு, கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் நல்லது. வெல்வெட் உறை துணி வழுக்கி விழாமல் பிடிக்கும், அவ்வளவுதான். அளவு தப்பான ஹேங்கரை அது சரியாக்காது. அதோடு, கழுத்து வழியாக வெடுக்கென்று இழுத்தால் துணியைப் பிடித்துக்கொண்டு கழுத்தையும் விரித்துவிடும்.

ஏற்கெனவே விழுந்த கொம்பைப் போக்க, அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் தெளித்து, மேசையில் பரப்பிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு உள்பக்கம் திருப்பி, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்து இழுக்க வேண்டாம். ரேயான் ஈரத்தில் வலுவிழந்து எளிதில் நீளும். துவைத்த ரேயானைச் சொட்டச் சொட்ட ஹேங்கரில் காயப்போடக் கூடாததும் இதனால்தான். பல குர்திகளில் சேதம் பீரோவில் அல்ல, கொடியிலேயே நடந்துவிடுகிறது.

ஸ்வெட்டர் கதை வேறு. அது நெய்த துணி அல்ல, பின்னல். கண்ணிக்குள் கண்ணி கோத்த நூல் தன் எடையாலேயே கீழே இழுபடும். எவ்வளவு அகலமான ஹேங்கரும் இதைத் தடுக்காது. மடித்துத்தான் வைக்க வேண்டும், மேலே கனமான அடுக்கும் கூடாது. நீண்டுவிட்டதை மீட்க முடியுமா என்பதை லேபிள் சொல்லும். கம்பளி என்றால் குளிர்ந்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். முறுக்காமல், துண்டில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்து, தட்டையாகப் பரப்பி, பழைய நீள அகலத்துக்குக் கையாலேயே ஒதுக்கி நிழலில் காயவிட்டால் பெரும்பாலும் கூடிவரும். அக்ரிலிக் அந்த அளவுக்குத் திரும்பாது. அதற்கு ஆவியோ இஸ்திரியோ காட்டினால் மிச்சமிருக்கும் துள்ளலும் போய்த் தொளதொளத்துவிடும். பனியன் துணி டி-ஷர்ட்டுக்கும் மடிப்புதான் நல்லது. மாட்டியே தீர வேண்டுமென்றால் ஹேங்கரைக் கழுத்து வழியாக நுழைக்காமல் கீழிருந்து நுழையுங்கள்.

மூன்றிலும் சிக்கலானது கவுன். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் திசையிலும் அகலவாக்கில் ஓடும் ஊடை நூல் திசையிலும் துணி அதிகம் நீளாது. இரண்டுக்கும் நடுவே சாய்வாக, தையல்காரர் கிராஸ் என்று சொல்லும் திசையில், நன்றாக நீளும். கைக்குட்டையை எதிரெதிர் மூலைகளில் பிடித்து இழுத்தாலே தெரியும். முழு வட்டமாக வெட்டிய பாவாடையில் நான்கு இடங்கள் நேர் நூலில் விழும், இடையிலுள்ள நான்கு இடங்கள் கிராஸில் விழும். தொங்கத் தொங்க அந்த நான்கு மட்டும் இறங்கிவிடும். அதனால்தான் உங்கள் கவுனின் விளிம்பு அலை அலையாக இருக்கிறது. தையலறிந்தவர்கள் கிராஸ் பாவாடையை ஒரு நாளாவது தொங்கவிட்டு, இறங்க வேண்டியது இறங்கிய பிறகே அடி மடிப்பார்கள். ஆயத்த ஆடையில் இந்தக் காத்திருப்பு நடந்ததா என்பதைக் கடையில் கண்டுபிடிக்க வழியில்லை.

இறங்கியதை மேலே ஏற்ற முடியாது. வெட்டிச் சமப்படுத்தத்தான் முடியும். இன்னும் ஒரு நாள் தொங்கவிட்டு, பிறகு அதைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். தரையிலிருந்து ஒரே உயரத்தில் சுற்றிலும் சாக்குக்கட்டியால் குறி வைக்கச் சொல்லி, அந்தக் கோட்டில் வெட்டி மடித்துத் தைக்கலாம். அதன்பின் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். இடுப்பின் உள்ளே நாடா வளையங்கள் இருந்தால் வெட்டி எறியாதீர்கள். விசேஷத்துக்கு முந்தின இரவு மாட்ட நேர்ந்தால், பாவாடையின் கனத்தைத் தோளில் விடாமல் ஹேங்கருக்கு மாற்றுபவை அவைதான்.

வாங்கிய 17 அங்குல ஹேங்கர்களை வீட்டு ஆண்களின் சட்டைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். 18 அங்குலத் தோளுக்கு அவை கச்சிதம்.