பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு: அளவுசாடியில் பார்ப்பது

கேள்வி: பங்கில் வாங்கிய பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று தண்ணீர் விட்டுக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பிரேசில் பங்குகளில் வழக்கமாகச் செய்யும் முறையே எளிது. மூடியுள்ள 100 மி.லி. கண்ணாடி அளவுசாடியில் 50 மி.லி. பெட்ரோல், அதன்மேல் லிட்டருக்கு 100 கிராம் உப்பு கரைத்த தண்ணீர் 50 மி.லி. விடுங்கள். பெட்ரோலில் உள்ள எத்தனால் கீழே தங்கும் தண்ணீருக்குள் இறங்கிவிடும். வெறும் தண்ணீரிலும் இது நடக்கும். ஆனால் உப்பு இருந்தால் எல்லைக்கோடு தெளிவாக விழும்.

மூடி, பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். நடுவில் மூடியைத் திறந்து ஆவியை விடுங்கள். வேகமாகக் குலுக்கினால் நடுவில் நுரைபோல ஒரு படலம் நின்று அளவைக் கெடுக்கும். 10-15 நிமிடம் அசையாமல் வைத்து, கண்மட்டத்தில் இரு அடுக்கும் சேரும் கோட்டைப் படியுங்கள்.

கோடு 59.5-இல் நின்றால் கீழடுக்கு கூடியது 9.5 மி.லி. இரட்டித்தால் 19. எத்தனாலும் தண்ணீரும் கலக்கும்போது கன அளவு சற்றுச் சுருங்கும். அதனால் அந்த முறையில் 1 கூட்டுவார்கள். ஆக 20 சதவீதம், அதாவது E20.

மெத்தனால் கலந்திருந்தாலும் கோடு இப்படித்தான் ஏறும். இரண்டையும் இதில் பிரித்தறிய முடியாது. அப்புறம், அருகில் நெருப்பு கூடவே கூடாது.