பட்டறையில் அவள் ஏன் பேசவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் புதிய சிறுகதையைப் படித்தேன். எழுத்துப் பட்டறையில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து கதாநாயகி எழுதிய நாவலைக் கிழிகிழியென்று கிழிக்கிறார்கள். அவள் வாயே திறக்கவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. ஒரு இடத்திலாவது அவளைப் பேச விட்டிருக்கக் கூடாதா? குறைந்தபட்சம் மனதுக்குள் என்ன நினைக்கிறாள் என்றாவது சொல்லியிருக்கலாம்.

கே.

அன்புள்ள கே.,

தன் பிரதியைப் பற்றி மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் பேசக்கூடாது என்பது பல எழுத்துப் பட்டறைகளில் உள்ள விதி. அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய அயோவா பட்டறையின் பாணி என்றே இதைச் சொல்வார்கள். காரணம் எளிது. புத்தகத்தைக் கையில் எடுப்பவரிடம் ‘நான் சொல்ல வந்தது இதுதான்’ என்று விளக்க எழுதியவர் பக்கத்தில் இருக்கப்போவதில்லை.

நீங்கள் கேட்ட மனக்குரல் முதல் வரைவில் இருந்தது. ஒருவர் குறை சொல்வார், அவள் மனதுக்குள் சூடாகப் பதில் சொல்வாள். படித்துப் பார்த்தபோது ஒவ்வொரு முறையும் அவளே ஜெயித்துக்கொண்டிருந்தாள். வாய்தான் மூடியிருந்ததே தவிர, அவள் எதையும் காதில் வாங்கவில்லை. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு அவள் குறிப்பெடுக்கும் பென்சிலை மட்டும் விட்டுவைத்தேன்.

அவள் நாவலின் ஏழாம் அத்தியாயம் பற்றிப் பேசும் பகுதியை நினைத்துப் பாருங்கள். மகள் அம்மாவின் தொலைபேசி அழைப்பை எடுக்காமலே இருக்கும் பதினோரு பக்கங்கள். ஒருவர் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார். இன்னொருவருக்கு மகளின் கோபத்துக்குக் காரணம் வேண்டும். மூன்றாமவர் அம்மாவையும் பேச வைக்கச் சொல்கிறார். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத யோசனைகள், மூன்றையும் செய்தால் நாவல் நாசம். ஆனால் மூவரும் தடுக்கி விழுந்த இடம் ஒன்றுதான். அவள் ஓரத்தில் ‘62’ என்று மட்டும் குறித்துக்கொள்கிறாள். அம்மாவும் மகளும் சண்டை போட்ட காட்சி அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. எழுதவே கஷ்டமாக இருக்கிறது என்று முந்தைய வரைவில் அவளே எடுத்துவிட்டாள். அது அவள் தலைக்குள் இருப்பதால் ஏழாம் அத்தியாயம் அவளுக்குப் புரிகிறது. மற்றவர்களுக்கு அது காகிதத்தில் இல்லை. அவள் வாயைத் திறந்திருந்தால் அந்தச் சண்டையை வாயாலேயே சொல்லி முடித்திருப்பாள். எல்லோரும் ‘ஓ, சரி’ என்று அடுத்த அத்தியாயத்துக்குப் போயிருப்பார்கள்.

விதியில் ஓட்டை இல்லாமல் இல்லை. நான்காமவர் கதைசொல்லியை அப்பா என்று தவறாகப் படித்துவிட்டு நீளமாகப் பேசுகிறாரே, அதை ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாம். இதனால்தான் இப்போது சில பட்டறைகளில் எழுதியவரை முதலில் கேள்வி கேட்கவோ இடையில் திருத்தவோ விடுகிறார்கள். அந்த இடத்தில் எனக்கே அவளைப் பேச விடலாமா என்றிருந்தது.

சரி, உங்கள் யோசனையை நான் ஏற்கப்போவதில்லை. ஆனால் கோபம் எந்த வரியில் வந்தது என்று எழுதுங்கள், குறித்துக்கொள்கிறேன்.