‘சே, அவங்களா?’ என்று சொல்லிவிட்ட பிறகு

கேள்வி: என்னோடு ஒரே அணியில் வேலை பார்க்கும் பெண்ணும் நானும் இரண்டு மாதமாக நெருங்கிப் பழகுகிறோம். பிடித்திருக்கிறது என்று இருவருக்கும் தெரியும், ஆனால் எதுவும் முடிவாகவில்லை. அதற்குள் அலுவலகத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. நேற்று ஒருவர் எல்லோர் முன்னாலும், “எப்போ எங்ககிட்ட சொல்லப் போறீங்க?” என்று கேட்டார். பதறிப்போய், “சே, அவங்களா? அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. இன்று பேசவே இல்லை. வதந்தியை எப்படி நிறுத்துவது? அவரிடம் என்ன சொல்வது?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் பார்ப்போம், அதுதான் அவசரம். “ஒண்ணுமில்ல” என்றது அவரைப் பெரிதாகக் காயப்படுத்தியிருக்காது. எதுவும் முடிவாகவில்லை என்பது அவருக்கும் தெரியும். காயப்படுத்தியது “சே, அவங்களா?” என்பதுதான். ‘இவரைப் போய் நான் நினைப்பேனா’ என்று பலர் முன்னால் சொன்னதாக அது காதில் விழும். அவர் எதுவும் கேட்காமலே எல்லோர் முன்னிலும் ஒதுக்கப்பட்டவராகிவிட்டார்.

அதனால் இன்றே, நேரில், தனியாகச் சொல்லுங்கள். “நேத்து எல்லார் முன்னாடியும் உங்களைத் தாழ்த்தற மாதிரி பேசிட்டேன். பதட்டத்துல வந்துடுச்சு, ஆனா தப்பு தப்புதான். மன்னிச்சிடுங்க.” இவ்வளவு போதும். நேரில் முடியாவிட்டால் தொலைபேசியில் பேசுங்கள். அலுவலக அரட்டைச் செயலி மட்டும் வேண்டாம், அதில் எழுதுவதை நிறுவனம் எடுத்துப் பார்க்க முடியும். இன்னொன்று, மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் “எனக்கு உங்களை உண்மையாவே பிடிக்கும், நீங்க என்ன சொல்றீங்க?” என்று ஆரம்பித்துவிடாதீர்கள். ஊர் பேசுகிறது என்பதற்காக அவர் ஒரு முடிவைச் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படக் கூடாது. அவருக்கு இன்னும் மூன்று மாதம் வேண்டுமென்றால் அந்த மூன்று மாதமும் அவருடையது.

இப்போது வதந்திக்கு வருவோம். 1947இல் ஆல்போர்ட், போஸ்ட்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வதந்தியைப் பற்றி ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: விஷயத்தின் மேல் கேட்பவர்களுக்கு இருக்கும் அக்கறையும், அதில் இருக்கும் தெளிவின்மையும் பெருகப் பெருக வதந்தி வலுக்கும். உங்கள் விஷயத்தில் தெளிவின்மையை உங்களால் நீக்க முடியாது, ஏனென்றால் உங்களுக்கே இன்னும் தெளிவில்லை. குறைக்க முடிந்தது கேட்பவர்களின் ஆர்வத்தை மட்டும்தான்.

ஆர்வத்தைக் குறைக்க மறுப்பு உதவாது. 1981இல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் செய்தித் தலைப்புகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒருவர் மேல் குற்றத்தை நேராகச் சொன்ன தலைப்பைப் போலவே, ‘இவர் செய்தாரா?’ என்று கேள்வியாகக் கேட்ட தலைப்பும் அவர் பெயரைக் கெடுத்தது. மறுத்து எழுதிய தலைப்பைப் படித்தவர்களிடமும் ஓரளவு கறை ஒட்டியது. அலுவலகத்திலும் இதுதான் நடக்கிறது. போதாததற்கு, நாளை உங்கள் உறவு கைகூடினால் இன்றைய மறுப்பு பொய்யாகிவிடும். ‘அப்பவே எங்களுக்குத் தெரியும்’ என்ற பேச்சில் அவரும் சேர்த்துப் பொய்யராக்கப்படுவார்.

ஆகவே ஆம் என்றும் வேண்டாம், இல்லை என்றும் வேண்டாம். “சொந்த விஷயத்தை நான் ஆபீஸ்ல பேசறதில்லைங்க” என்று சொல்லி, கையிலிருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். இந்த வாக்கியத்தில் ‘சொந்த’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘எங்க விஷயம்’ என்று சொல்லிவிட்டால் அந்த ‘எங்க’வே ஒப்புதலாகிவிடும். முகத்தில் வெட்கமோ கோபமோ இல்லாமல், யார் கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும் இதே வாக்கியம். சுவையான பதில் கிடைக்காத கேள்வியை யாரும் ரொம்ப நாள் கேட்க மாட்டார்கள். ஆனால் இதை நீங்கள் மட்டும் முடிவுசெய்யாதீர்கள். அவரிடம் கேட்டு, அவருக்குப் பொருத்தமான வாக்கியத்தை அவர் சொல்லட்டும். இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னால் அந்த வித்தியாசமே அடுத்த வாரத்துப் பேச்சு.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு ஜோடி இங்கேதான் சறுக்கியது. வாக்கியத்தை இருவரும் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த இளைஞர் ஒரு நண்பரிடம் மட்டும் “யார்கிட்டயும் சொல்லிடாத” என்று மனம் திறந்துவிட்டார். பத்து நாளில் அது ‘கல்யாணம் பேசி முடிச்சாச்சாம்’ என்று அந்தப் பெண்ணின் காதுக்கே திரும்பி வந்தது. அவர் வீட்டில் அதுவரை மூச்சே விட்டிருக்கவில்லை. மனம் திறக்க ஓர் ஆள் வேண்டும்தான், நானே அதை வற்புறுத்துவேன். அந்த ஆள் அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும், யாரென்று உங்கள் இருவருக்குமே தெரிந்திருக்கட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வதந்தியின் சுமை இருவர் மேலும் சமமாக விழுவதில்லை. உங்களைத் தோளில் தட்டிச் சிரிப்பார்கள். அவருக்குச் சம்பள உயர்வு வந்தால் காரணம் வேறாகப் பேசப்படும், அவருடைய கூட்டக் கருத்துகூட உங்கள் கருத்தாகக் கணக்கிடப்படும். அதனால் அவர் இல்லாத இடத்தில் யாராவது கேலி செய்யும்போது நீங்கள் புன்னகைத்தால், அந்தப் புன்னகையின் விலையை அவர்தான் கொடுப்பார். அங்கே “அவங்களைப் பத்தி இப்படிப் பேசாதீங்க” என்று ஒரு முறை நேராகச் சொல்லுங்கள். இதனால் சந்தேகம் கொஞ்சம் கூடலாம். கூடட்டும், அவர் மரியாதை அதைவிடப் பெரிது.

பழக்கவழக்கத்தைத் தடாலடியாக மாற்றாதீர்கள். தினமும் சேர்ந்து சாப்பிட்டவர்கள் திடீரென்று எதிரெதிர் மூலையில் உட்கார்ந்தால் அதுவே சாட்சி.

மேலாளரிடம் சொல்ல வேண்டுமா? உங்களில் ஒருவர் மற்றவருடைய வேலையை மதிப்பிடுகிறாரா, விடுப்புக்கோ சம்பளத்துக்கோ ஒப்புதல் தருகிறாரா என்று பாருங்கள். ஆம் என்றால், எதுவும் முடிவாகாத நிலையிலும், இருவரும் பேசிக்கொண்டு, ‘இவருடைய மதிப்பீட்டை வேறொருவர் செய்யட்டும்’ என்ற அளவில் சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால், நிறுவன விதிகளில் வேறு எதுவும் கேட்கப்படாத வரை, இப்போதைக்குத் தேவையில்லை. கல்லூரியில் ஆசிரியருக்கும் அவர் மதிப்பெண் போடும் மாணவருக்கும் இடையில் என்றால் கணக்கே வேறு. அங்கே மதிப்பெண் அதிகாரம் இருக்கும்வரை நெருக்கமே கூடாது.

கேலி எல்லை தாண்டுவதும் உண்டு. அவர் உடலைப் பற்றிய பேச்சு, குழுவில் போடப்படும் படம், ஆபாசக் குறிப்பு என்று வந்தால் அது தொந்தரவுதான். தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள், அங்கே இருந்தவர்கள் என்று அன்றைக்கே குறித்துவையுங்கள், திரைப்பதிவையும் சேமியுங்கள். அவரைப் பற்றியது என்றால் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. குறிப்பைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள்.

அப்புறம், மன்னிப்பைக் கேட்ட பிறகு அவர் “கொஞ்ச நாள் இடைவெளி வேணும்” என்று சொல்லக்கூடும். சரி என்று சொல்லுங்கள், காரணம் கேட்காதீர்கள். அந்த நாட்களில் ‘என்ன, சண்டையா?’ என்று யாராவது கேட்டால், பதில் அதே வாக்கியம்தான்.