வைல்ட்கார்டு மாஸ்க்கை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: 192.168.10.64/26 சப்நெட்டை அனுமதிக்க, சிஸ்கோ ரௌட்டரின் ஆக்சஸ் லிஸ்ட்டில் 255.255.255.192 என்று எழுதினேன். கட்டளையை ஏற்றுக்கொண்டது, ஆனால் ஒரு கணினிக்கும் இணைப்புக் கிடைக்கவில்லை. ஏன்?

பதில்: ஆக்சஸ் லிஸ்ட் அந்த இடத்தில் எதிர்பார்ப்பது வைல்ட்கார்டு மாஸ்க்கை. அதில் 0 என்ற பிட், முகவரியின் அந்தப் பிட் பொருந்தியே தீரவேண்டும் என்றும், 1 என்ற பிட், அது எதுவாக இருந்தாலும் சரி என்றும் பொருள்படும். நீங்கள் எழுதியபடி, முதல் மூன்று எண்களையும் ரௌட்டர் பார்க்கவே இல்லை; கடைசி எண்ணின் கீழ் ஆறு பிட்டுகள் மட்டும் பூஜ்யமாக இருக்கின்றனவா என்று பார்த்தது. ஆகவே 0, 64, 128, 192 ஆகியவற்றில் முடியும் முகவரிகள் மட்டுமே பொருந்தின. உங்கள் கணினிகள் 65 முதல் 126 வரை உள்ளவை என்பதால், அவை அனைத்தும் பட்டியலின் இறுதியில் எழுதப்படாமலே இருக்கும் மறுப்பு விதியில் சிக்கின. `show access-lists` கொடுத்துப் பாருங்கள். நீங்கள் எழுதிய முகவரிக்குப் பதிலாக 0.0.0.0 என்று இருந்தால் நேர்ந்தது இதுவே.

சரியான மாஸ்க்கைப் பெற, 255.255.255.255 இலிருந்து சப்நெட் மாஸ்க்கை எண் எண்ணாகக் கழியுங்கள். 255 இலிருந்து 192 போக 63.

```
access-list 10 permit 192.168.10.64 0.0.0.63
```

பெரிய சப்நெட்டுக்கும் இதே கணக்குதான். 172.16.32.0/20 இன் சப்நெட் மாஸ்க் 255.255.240.0, கழித்தால் 0.0.15.255. மூன்றாவது எண்ணில் 15 என்பது பதினாறு எண்களை உள்ளடக்குவதால், இது 172.16.32.0 முதல் 172.16.47.255 வரை பொருந்தும். இரண்டே கணினிகளை இணைக்கும் /30 க்கு 0.0.0.3 போதும்.

பலரும் தடுமாறும் இடம் தொடக்க முகவரி. மூன்றாவது எண் 40 முதல் 55 வரை வேண்டும், அதுவும் பதினாறுதானே என்று `172.16.40.0 0.0.15.255` என எழுதினால், மாஸ்க்கில் 1 உள்ள பிட்டுகளை ரௌட்டர் முகவரியில் பூஜ்யமாக்கி 172.16.32.0 என்று சேமித்துவிடும். பிழைச்செய்தி வராது, 32 முதல் 39 வரை வேண்டாதவை உள்ளே வந்துவிடும், 48 முதல் 55 வரை வேண்டியவை வெளியே நின்றுவிடும். பதினாறின் தொகுதி பதினாறின் மடங்கில்தான் தொடங்க முடியும் என்பதால், இதை எட்டு எட்டாகப் பிரித்து இரண்டு வரிகளாக எழுதவேண்டும்:

```
access-list 20 permit 172.16.40.0 0.0.7.255
access-list 20 permit 172.16.48.0 0.0.7.255
```

ஒன்றை மறக்காதீர்கள்: சிஸ்கோவின் ஏஎஸ்ஏ ஃபயர்வால் ஆக்சஸ் லிஸ்ட்டில் வழக்கமான சப்நெட் மாஸ்க்கையே கேட்கும். ரௌட்டரின் வரிகளை அங்கே அப்படியே ஒட்டினால், உங்களுக்கு நேர்ந்த பிழை தலைகீழாக நேரும்.