வக்கீல் நோட்டீஸா, நாமே எழுதும் கடிதமா?

"2025 ஜனவரியில் ரூ.2,80,000 கொடுத்து மாடுலர் கிச்சன் போட்டோம். மூன்றே மாதத்தில் சிங்க் அடியில் இருக்கும் கதவுகள் ஊதிவிட்டன. போன் செய்தால் 'ஆள் அனுப்புகிறேன்' என்கிறார்கள், யாரும் வருவதில்லை. நாமே கடிதம் போட்டால் மதிப்பார்களா? வக்கீல் நோட்டீஸ் விட்டால்தான் வேலை நடக்குமா? தெரிந்தவர் ஒருவர் ரூ.8,000 கொடுத்தால் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்." - வாசகி, மதுரை

முதலில் நீங்களே கடிதம் எழுதுங்கள் அம்மா. அந்த 8,000 ரூபாயை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

வக்கீல் நோட்டீஸ் என்பதும் ஒரு கடிதம்தான். அது கோர்ட் உத்தரவு கிடையாது. பதில் போடாவிட்டால் போலீஸ் வரும் என்பதெல்லாம் நம் ஊரில் சொல்லிச் சொல்லி வளர்ந்த பயம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட வக்கீல் நோட்டீஸ் கட்டாயம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. குறையைச் சொன்னீர்கள், சரிசெய்ய அவகாசம் கொடுத்தீர்கள், அவர்கள் செய்யவில்லை. இந்த மூன்றும் கண்ணுக்குத் தெரிந்தால் ஆணையத்துக்குப் போதும். நீங்கள் கையெழுத்துப் போட்ட கடிதமே அதைக் காட்டிவிடும்.

உங்கள் கடிதத்துக்கு இன்னொரு நன்மை உண்டு. வக்கீல் நோட்டீஸ் போனதும் கடைக்காரரும் ஒரு வக்கீலிடம் போவார். 'தண்ணீர் ஊற்றிக் கழுவியதால் ஊதியது, எங்கள் மேல் தப்பில்லை' என்று பதில் நோட்டீஸ் வரும். அதற்குப் பிறகு அவர் ஆளை அனுப்பினால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று அவருடைய வக்கீலே தடுத்துவிடுவார். மூன்று கதவு மாற்றினால் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அதோடு முறுக்கிக்கொள்ளும்.

எழுதுவதற்கு முன் உங்கள் கொட்டேஷனை எடுத்துப் பாருங்கள். சிங்க் அடிக்கு என்ன பலகை என்று போட்டிருக்கிறது? பெரும்பாலும் 'பி.டபிள்யூ.ஆர். பிளைவுட்' என்று எழுதியிருப்பார்கள். ஈரம் தாங்கும் பிளைவுட் என்று அதற்கு அர்த்தம். இப்போது ஊதிய கதவின் ஓரத்தைப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். உப்புமா மாதிரி மரத்தூள் பொலபொலவென்று உதிர்ந்தால் அது பார்ட்டிகிள் போர்டு. சொன்னது ஒன்று, போட்டது ஒன்று என்றால் உங்கள் கேஸ் நன்றாக வலுத்துவிடும். தண்ணீர் ஊற்றினீர்கள் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகும். அந்த ஓரத்தைக் கிட்டத்தில் போட்டோ எடுங்கள். கதவை மாற்ற அவர்கள் ஆள் வந்தால் பழைய கதவு ஒன்றையாவது வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சாட்சியை அவர்களே வண்டியில் ஏற்றிப் போனபின் என்னிடம் வந்தவர்கள் பலர்.

யார் பெயருக்கு எழுதுவது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். போர்டில் இருக்கும் கடைப் பெயரை மட்டும் எழுதினால், வழக்கு என்று வரும்போது 'அந்தப் பெயரில் யாருமே இல்லை' என்பார்கள். பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற இடத்தில் போடுங்கள். Legal Name of Business என்று ஒரு பெயர் வரும். பொறுப்பாளி அவர்தான். அந்தப் பெயரையும் கடைப் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். இப்படி இருக்கட்டும்: 'இந்தத் தேதியிட்ட, இந்த எண்ணுள்ள பில்படி ரூ.2,80,000 கொடுத்தேன். கொட்டேஷனில் பி.டபிள்யூ.ஆர். பிளைவுட் என்று உள்ளது. 2025 ஏப்ரலில் சிங்க் அடியில் மூன்று கதவுகள் ஊதின. இந்தத் தேதிகளில் போனிலும் வாட்ஸ்அப்பிலும் சொன்னேன். இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் சொன்ன பலகையில் மாற்றித் தரவும், இல்லையேல் அந்தப் பகுதிக்கான பணத்தைத் திருப்பவும். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வேன்.' இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். ஐந்து லட்சம் மன உளைச்சல், ஏமாற்றுக்காரன் என்ற திட்டெல்லாம் எழுதினால் அவற்றை வைத்தே உங்களைக் குறுக்கு விசாரணை செய்வார்கள். தேதிகளை நினைவிலிருந்து எழுதாமல் போனைப் பார்த்து எழுதுங்கள்.

தபாலில் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கேட்டு அனுப்புங்கள். அனுப்பிய ரசீதையும், போய்ச் சேர்ந்ததைக் காட்டும் டிராக்கிங் பக்கத்தையும் உடனே அச்செடுத்துக் கடித நகலோடு குத்தி வையுங்கள். 'வாங்க மறுத்தார்' என்று திரும்பி வந்தாலும் கவலை வேண்டாம், உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

15 நாள் போயும் பதில் இல்லையா? அப்போதும் வக்கீல் நோட்டீஸ் தேவையில்லை, நேராகப் புகார் செய்யலாம். ரூ.5 லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே போடலாம், நீங்களே வாதாடலாம். குறையே இல்லை என்று அவர்கள் எழுத்தில் மறுத்தால் வக்கீலைப் பாருங்கள். ஆனால் எத்தனை கடிதம், எத்தனை நோட்டீஸ் போட்டாலும் புகார் செய்யச் சட்டம் தரும் 2 வருடம் நீளாது. வாங்கிய மாதத்திலிருந்தே எண்ணி, உங்களுக்கு 2026 டிசம்பருக்குள் புகார் உள்ளே போய்விட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அடுத்த வாரம் ஆள் வருவார்' என்று இழுப்பதே இந்தக் கணக்குக்காகத்தான். சட்டப் புத்தகத்தில் மூன்று மாதத்தில் தீர்க்க முயல வேண்டும் என்று அழகாகப் போட்டிருக்கிறார்கள். நானோ வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கி வருடங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உறுப்பினர் காலியிடத்தை நிரப்பாமல் ஆணையத்தை நடத்தினால் வேறென்ன ஆகும்? அதனால்தான் கடிதத்திலேயே தீர்த்துக்கொள்ளப் பாருங்கள் என்கிறேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கடிதமா நோட்டீஸா என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. கடைக்காரர் சமாதானமாகி ஒரு லட்சத்துக்குச் செக் கொடுத்து, அது பணமில்லை என்று திரும்பினால், அப்போது நோட்டீஸ் கட்டாயம். வங்கி செக் திரும்பியதைத் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள், செக் தொகையைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்ததிலிருந்து அவருக்கு 15 நாள் அவகாசம். அதிலும் தரவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்கு. நோட்டீஸை நீங்களே எழுதினாலும் சட்டப்படி செல்லும். ஆனாலும் இதற்கு மட்டும் வக்கீலிடம் போங்கள் என்பேன். செக் தொகையோடு வட்டி, மன உளைச்சல் எல்லாவற்றையும் ஒரே கூட்டாகக் கேட்டு, தொகை மாறிப்போய், கேஸையே இழந்தவர்கள் உண்டு. 'நாலு நாள் பொறுங்கள், கையில் தருகிறேன்' என்பதை நம்பி 30 நாளைத் தாண்டியவர்கள் அதைவிட அதிகம். செக் திரும்பியதும் வங்கி தரும் மெமோவில் தேதியைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

அப்புறம் அந்தத் 'தெரிந்தவர்'. அவர் வக்கீலா? வக்கீலென்றால் பார் கவுன்சில் பதிவு எண் இருக்கும். கேட்டுப் பாருங்கள். அரசு முத்திரை மாதிரி ஒன்றை அச்சடித்து, நுகர்வோர் பாதுகாப்பு என்று பெயர் வைத்து, கடைக்காரரிடமும் காசு வாங்கிக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். ஏழை எளியவர்கள்தான் அவர்களிடம் மாட்டுகிறார்கள், எனக்கு அதுதான் ஆத்திரம். வரும் பணத்தில் இத்தனை சதவீதம் என்று பேசினால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். வழக்கின் முடிவை வைத்துப் பங்கு பேசக் கூடாது என்று வக்கீல்களுக்கே விதி இருக்கிறது. பில், கொட்டேஷன் எதையும் அசலாக அவரிடம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பி வாங்குங்கள்.